பச்சைப் புள்ளி இருக்கு, பால் பவுடர்னு எழுதல. அப்போ இந்தச் சோளப் பொரி பாக்கெட் வீகன்தானா?

மொறுமொறு (இழையைத் தொடங்கியவர்)

60 கிராம் பாக்கெட், தக்காளி மசாலா சுவை. பின்பக்கம் இருப்பதை அப்படியே தமிழில் தட்டுகிறேன்:

சோளக் குருணை, பாமோலின் எண்ணெய், அரிசி மாவு, மசாலாக் கலவை 7% (சர்க்கரை, உப்பு, மால்டோடெக்ஸ்ட்ரின், வெங்காயத் தூள், தக்காளித் தூள், வே பெர்மியேட் பவுடர், மிளகாய், மற்ற மசாலாக்கள், அமிலச் சீராக்கிகள் ஐஎன்எஸ் 330, ஐஎன்எஸ் 270, சுவைமிகுப்பான்கள் ஐஎன்எஸ் 627, ஐஎன்எஸ் 631, கட்டிபிடித்தல் தடுப்பான் ஐஎன்எஸ் 551).

முன்பக்கம் பச்சைப் புள்ளி உண்டு. கொலஸ்ட்ரால் 0 என்று போட்டிருக்கிறது. பால், தயிர், நெய், வெண்ணெய் எதுவும் பெயராக இல்லை. எனக்குச் சந்தேகம் 270 மேல். லாக்டிக் ஆசிட் என்று தேடினால் வருகிறது, லாக்டோ என்றாலே பால்தானே? 631 மீனிலிருந்து வரும் என்றும் ஒரு இடத்தில் படித்தேன். இந்த இரண்டும் சரியென்றால் பாக்கெட் வீகன் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கடலைமிட்டாய்

பச்சைப் புள்ளி இருந்தா முட்டைகூட கிடையாது, கண்ணை மூடிக்கிட்டு சாப்பிடலாம். 270 பத்தி நீங்க சொல்றது சரி, அது பால் புளிச்சு வர்ற அமிலம், அதனால வீகன் இல்ல. 322 லெசித்தினும் அப்படித்தான். மத்தபடி கொலஸ்ட்ரால் சைபர்னா மிருகப் பொருள் எதுவுமே இல்லன்னு அர்த்தம்.

தாளிப்பு

கடலைமிட்டாய் சொன்னதில் முட்டை கிடையாது என்பது மட்டும் சரி. மற்றது எல்லாம் திரும்பிப் போட வேண்டியது.

மொறுமொறு, நீங்கள் சந்தேகப்பட்ட இரண்டும் நிரபராதி. குற்றவாளி நீங்களே தட்டச்சு செய்த வரியில் தக்காளித் தூளுக்கு அடுத்து நிற்கிறது. வே பெர்மியேட் பவுடர். பாலைத் திரித்துப் பாலாடைக்கட்டி எடுத்தபின் மிஞ்சும் தண்ணீர்தான் வே. வீட்டில் பன்னீர் பிழிந்தால் கீழே வடியுமே, இளம்பச்சை நிறத்தில், அதே சரக்குதான். அதை வடிகட்டிப் புரதத்தைத் தனியே பிரித்து விற்பார்கள், அதற்கு விலை அதிகம். புரதம் போன பின் மிஞ்சும் சர்க்கரையும் உப்புச் சத்தும் காய்ந்த தூள்தான் பெர்மியேட். பெரும்பகுதி லாக்டோஸ். மலிவு. ஆக உங்கள் பாக்கெட் வீகன் இல்லை.

இது ஏன் தக்காளி மசாலாவில் என்று கேட்பீர்கள். பாலின் சுவைக்காக அல்ல. மசாலாத் தூளில் உப்பு, புளிப்பு, காரம் மூன்றும் தனித்தனியாக நாக்கைக் குத்தும். லாக்டோஸ் சர்க்கரையைவிட இனிப்பு ரொம்பக் குறைவு, அதனால் இனிக்காமல் அந்தக் குத்தலை மட்டும் மழுங்கடிக்கும். கூடவே கலவையின் எடையையும் நிரப்பும். மால்டோடெக்ஸ்ட்ரின் செய்யும் அதே வேலை, கொஞ்சம் உருண்ட சுவையோடு. அதனால்தான் பால் இருக்கவே வேண்டாத சுவைகளில், அதாவது புளிப்பு, வெங்காயம், தக்காளி, பார்பிக்யூ என்று பெயர் உள்ள பாக்கெட்டுகளில் இது அதிகம் தென்படும். சீஸ் சுவை என்றால் நாமே உஷாராகிவிடுவோம். இங்கேதான் ஏமாறுகிறோம்.

270 விஷயம்: லாக்டிக் அமிலத்துக்குப் பெயர்தான் பாலிலிருந்து வந்தது. தொழிற்சாலையில் சோள மாவுச் சர்க்கரையையோ கரும்புச் சர்க்கரையையோ பாக்டீரியா விட்டுப் புளிக்க வைத்துத்தான் எடுக்கிறார்கள். 327, அதாவது கால்சியம் லாக்டேட், அதன் உப்பு, அதுவும் அப்படியே. 322 லெசித்தின் நம் ஊர்ப் பாக்கெட்டுகளில் பெரும்பாலும் சோயா, பல இடங்களில் அடைப்புக்குள் சோயா என்றே எழுதியிருக்கும். 'லாக்ட்' என்று ஆரம்பிப்பதில் பயப்பட வேண்டியவை லாக்டோஸ், லாக்டால்புமின், லாக்டிடால் போன்றவை. லாக்டிடால் என்பது ஐஎன்எஸ் 966. லாக்டோஸிலிருந்து செய்வது, சர்க்கரை சேர்க்காத மிட்டாய்களில் வரும்.

மொறுமொறு

பெர்மியேட் என்பதை ஏதோ ரசாயனம் என்று தாண்டிப் போய்விட்டேன். ஆனால் கொலஸ்ட்ரால் 0 எப்படி வந்தது? பொய்யா போட்டிருக்கிறார்கள்?

தாளிப்பு

பொய் இல்லை, அளவு அப்படி. கணக்குப் போடுங்கள். 60 கிராம் பாக்கெட்டில் மசாலா 7% என்றால் 4.2 கிராம். பெர்மியேட் மசாலாவில் பத்தில் ஒரு பங்கு என்று வையுங்கள், 0.42 கிராம் வரும். வரிசையில் ஆறாவதாக நிற்பதால் இது நியாயமான ஊகம்தான், துல்லியம் இல்லை. பெர்மியேட்டில் கொழுப்பே கிட்டத்தட்ட கிடையாது, புரதம் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில். அப்படியானால் பாக்கெட் முழுவதிலும் பால் புரதம் சுமார் 13 மில்லிகிராம். இதைச் சத்து அட்டவணையில் எங்கே தேடுவீர்கள்? கொலஸ்ட்ரால் பூஜ்யம்தான் வரும்.

ஆகவே கொலஸ்ட்ரால் வரி ஒரு பக்கம் மட்டும் பேசும் சாட்சி. 4 மி.கி., 7 மி.கி. என்று எண் இருந்தால் மிருகக் கொழுப்பு உறுதி. பச்சைப் புள்ளியும் கூட இருந்தால் அது பால் கொழுப்புதான், அதாவது வெண்ணெயோ நெய்யோ பால் பவுடரோ. பூஜ்யம் என்றால் ஒன்றும் நிரூபணமாகாது.

அலமாரி எண் ஏழு

631 ஏன் நிரபராதி என்று யாரும் விளக்கவில்லை. அதை நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தப் பதிலில்தான் இந்த இழைக்கே சாவி இருக்கிறது.

631 என்பது ஐனோசினேட். இறைச்சி, மீனிலிருந்தும் எடுக்கலாம், மரவள்ளி மாவைப் புளிக்க வைத்தும் எடுக்கலாம். எண்ணைப் பார்த்து எதுவென்று சொல்ல முடியாது. ஆனால் இந்தியாவில் பச்சைப் புள்ளி வேண்டுமென்றால் மீனிலிருந்து எடுத்ததைப் போடக் கூடாது. இங்கே 'அசைவம்' என்பதற்குச் சட்டத்தில் உள்ள விளக்கம் விரிவானது. விலங்கு, பறவை, பூச்சி, மீன், முட்டை, விலங்கிலிருந்து வரும் எந்தப் பொருளும் அசைவம். ஆனால் அதே வாக்கியத்தின் கடைசியில் சில விலக்குகள் உண்டு: பால், பால் பொருட்கள், தேன், தேன்மெழுகு, கார்னாபா மெழுகு, ஷெல்லாக். இவை இருந்தாலும் பச்சைப் புள்ளி போடலாம். கார்னாபா பனை இலை மெழுகு, அது செடிதான், நமக்குப் பிரச்சினை இல்லை.

அதனால் பச்சைப் புள்ளியை நான் இப்படித்தான் பயன்படுத்துவேன். ஜெலட்டின், 120 என்ற பூச்சிச் சிவப்பு, முட்டை, 631, விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரக்கூடிய 471 இவற்றின் கவலையை அது எடுத்துவிடுகிறது. மிஞ்சுவது நான்கே நான்கு: பால் குடும்பம், தேன், தேன்மெழுகு, ஷெல்லாக். எண்பது எண்கள் கொண்ட பட்டியலைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு கடையில் நிற்பவர்களுக்கு இது தெரிந்தால் பாதி நேரம் மிச்சம்.

புள்ளி பழுப்பு முக்கோணமாக இருந்தால் இந்த நான்கோடு மற்றதையும் தேட வேண்டும். அதற்குப் பேசாமல் கீழே வைத்துவிடலாம்.

கடலைமிட்டாய்

அப்ப பச்சைப் புள்ளி = வீகன்னு இத்தனை நாள் சொல்லிட்டிருந்தது தப்பா. சரி ஒத்துக்கறேன். ஆனா அந்த பச்சை 'வி' எழுத்து லோகோ இருக்கே, அது இருந்தா போதுமா?

அலமாரி எண் ஏழு

சதுரத்துக்குள் பச்சை 'வி', மேலே சின்ன இலை. 2022-இல் வந்த வீகன் உணவு ஒழுங்குமுறைகளின் கீழ் உள்ள குறி அது. அது இருந்தால் பால், தேன் இரண்டும் சேர்த்தே விலக்கப்பட்டவை. ஆனால் அது இல்லை என்பதற்காக ஒரு பாக்கெட்டைத் தள்ளிவிடாதீர்கள். அரிசி மாவு, உளுந்து, எண்ணெய், உப்பு, ஓமம் போட்டுச் செய்யும் தேன்குழல் முறுக்குக்கு அந்தக் குறியை வாங்க எவரும் மெனக்கெடுவதில்லை. முறுக்கு வீகன்தான். பக்கத்தில் இருக்கும் வெண்ணெய் முறுக்கு இல்லை. முன்பக்கத்தில் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

வன்னித்தம்பி (லண்டன்)

இஞ்ச பிரிட்டனில இது கொஞ்சம் லேசு. ஒவ்வாமைப் பொருட்கள் பதினாலையும் பட்டியலுக்குள்ளேயே எடுப்பாத் தெரியப் போடோணும், அநேகமாத் தடித்த எழுத்திலதான் போடுவினம். வே பவுடர் எண்டாலும் பக்கத்தில 'மில்க்' எண்டு தடிப்பாப் போட்டிருப்பினம். எங்கட அம்மா இங்கிலீஷ் அவ்வளவு வாசிக்க மாட்டா, ஆனா அந்தத் தடிச்ச எழுத்தைக் கண்டு 'இது பால்மா போட்டது' எண்டு திருப்பி வைப்பா. உப்பும் வினிகரும் போட்ட சிப்ஸிலயும் லாக்டோஸ் கிடக்கும், தாளிப்பு சொன்ன அதே கதைதான்.

ஆனா ரெண்டு விசயம். தேன் அந்தப் பதினாலுக்குள்ள இல்லை. அது மெல்லிய எழுத்திலதான் கிடக்கும், தடிப்பை மட்டும் பாக்கிற ஆக்கள் தவறவிடுவினம். மற்றது, 'வீகன்' எண்ட சொல்லுக்கு இங்க சட்ட வரைவிலக்கணம் ஒண்டும் இல்லை.

தாளிப்பு

வன்னித்தம்பி சொன்ன தேன் விஷயம் நம் ஊருக்கும் பொருந்தும். இங்கே பட்டியலுக்குக் கீழே 'கன்டெய்ன்ஸ்' என்று ஒரு தனி வரி வரும். கோதுமை, பால், சோயா, வேர்க்கடலை, முட்டை என ஒவ்வாமைப் பொருட்கள் அங்கே வந்தாக வேண்டும். பாலைத் தேட அதுதான் வேகமான இடம். தேன் அங்கே வராது. தேனுக்குப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை படிப்பதைத் தவிர வழியில்லை.

மொறுமொறு, உங்கள் பாக்கெட்டில் அந்த வரி என்ன சொல்கிறது? நீங்கள் எழுதவே இல்லையே.

மொறுமொறு

தேடினேன். பின்பக்கம் நடுவில் ஒட்டு மடிப்பு இருக்கிறது, அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் 'கன்டெய்ன்ஸ் மில்க்' என்று பொடி எழுத்தில் இருக்கிறது. அதற்கும் கீழே 'மே கன்டெய்ன் வீட், சோயா, நட்ஸ்'.

தாளிப்பு

அந்த மடிப்புதான் வில்லன். தலையணை வடிவ பாக்கெட்டை எடுத்தால் முதலில் கட்டை விரலால் மடிப்பை ஒதுக்குங்கள்.

இன்னொன்று. உங்கள் பாக்கெட்டில் மசாலா 7% என்பதால் அடைப்புக்குள் உட்பொருட்கள் வந்துவிட்டன. ஒரு கூட்டுப்பொருள் மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் அதன் உட்பொருட்களைப் பிரித்து எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, சேர்க்கை எண்களைத் தவிர. லேசாகத் தூவிய சிப்ஸ், மேலே கோடு போட்ட பிஸ்கட், உள்ளே துணுக்குகள் போட்ட கேக் இதில் சிக்கும். அங்கே வெறுமனே 'சீசனிங்' என்றுதான் இருக்கும். பட்டியல் ஊமையாகிவிட்ட அந்த இடத்தில் 'கன்டெய்ன்ஸ்' வரி ஒன்றுதான் பேசும். பால் அங்கே சிக்கும். தேன் தூளாக இருந்தால் சிக்காமல் போக வாய்ப்பு உண்டு.

செவ்வந்தி

என் மகளுக்கு மூணு வயசு, பால் ஒவ்வாமை. இவ்வளவு நேரம் படிச்சதுல, வீகன் லோகோ இருக்கிற ஸ்நாக்ஸ் கொடுத்தா பயமில்லன்னு புரியுது. சரிதானே?

அலமாரி எண் ஏழு

இல்லைங்க, தயவுசெய்து அப்படி எடுத்துக்காதீங்க. இந்த இழையில் நாங்கள் தேடுவது வேண்டுமென்றே சேர்த்த பொருளை. உங்களுக்கு வேண்டியது தற்செயலாகக் கலந்ததும் இல்லாதது. இரண்டும் வேறு கேள்வி. காலையில் பால் பிஸ்கட் ஓடிய அதே வரிசையில் மதியம் பால் இல்லாத பிஸ்கட் ஓடினால், சேர்மானப்படி அது வீகன், ஆனால் கீழே 'மே கன்டெய்ன் மில்க்' என்று எழுதியிருக்கும். வீகன் குறியும் அந்த எச்சரிக்கையும் ஒரே பாக்கெட்டில் சேர்ந்தே வரலாம். தாளிப்பு மேலே கணக்கிட்ட 13 மில்லிகிராம் மாதிரி அளவுகூடச் சில குழந்தைகளுக்குப் போதும். எவ்வளவு தாங்குவாள் என்பதை அவளைப் பார்க்கும் டாக்டர்தான் சொல்ல வேண்டும், அதுவரை 'மே கன்டெய்ன்' இருப்பதையும் ஒதுக்கிவிடுங்கள். 'லாக்டோஸ் ஃப்ரீ' என்பதையும் நம்ப வேண்டாம், அது பால் சர்க்கரையை மட்டும் உடைத்த பால். புரதம் முழுசாக இருக்கும்.

செவ்வந்தி

நல்லவேளை கேட்டேன். நன்றி.

பனங்கற்கண்டு

'மே கன்டெய்ன் மில்க்' இருந்தால் நான் வீகனாக எண்ண மாட்டேன். பாலே தொடாத ஆலையில் செய்ததை வாங்குவதுதான் முறை.

தாளிப்பு

இதில் நான் உங்களோடு உடன்பட மாட்டேன். பால் தொழிலுக்கு அந்தத் துளி ஒரு பைசா கூடுதலாகக் கொடுப்பதில்லை. அதுவும் போக, அந்த எச்சரிக்கையை நேர்மையாகப் போடுகிறவரை நாம் தண்டிக்கிறோம், போடாமல் விடுகிறவர் தப்பித்துவிடுகிறார்.

பனங்கற்கண்டு

கணக்கு சரி, மனசு ஒப்பவில்லை. நான் வாங்கவில்லை, அவ்வளவுதான்.

தேனைப் பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்கள். முன்பக்கத்தில் தேன்கூடு படம் போட்ட வறுத்த கடலை ஒன்று கையில் இருக்கிறது. பட்டியலில் 'ஹனி' ஒரே ஒரு இடத்தில், கடைசிக்குப் பக்கத்தில்.

அலமாரி எண் ஏழு

படத்தையோ பெயரையோ வைத்து ஒரு பொருளை முன்னிறுத்தினால் அதன் சதவீதத்தைப் பட்டியலில் சொல்ல வேண்டும். அதனால் 'ஹனி 1%' என்ற மாதிரி எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நிஜத் தேன். எண் இல்லாமல் 'ஹனி ஃபிளேவர்' என்று மட்டும் இருந்தால் அது வாசனை, தேன் இல்லாமலேயே செய்யலாம். 'ஹனி பவுடர்' என்பது தேனை மாவுச்சத்தோடு சேர்த்து உலர்த்தியது, தேன்தான். 'இன்வர்ட் சிரப்' என்பதைத் தேன் என்று சிலர் பயப்படுகிறார்கள். அது கரும்புச் சர்க்கரையை உடைத்த பாகு, தேன் சம்பந்தமே இல்லை.

வறுத்த கடலை, பளபளப்பு பூசிய மிட்டாய், உருண்டை சாக்லேட் என்றால் பட்டியலின் வால் பகுதியில் 'கிளேசிங் ஏஜென்ட்' என்று இருக்கிறதா பாருங்கள். 901 தேன்மெழுகு, 904 ஷெல்லாக், அரக்குப் பூச்சி சுரப்பது. 903 கார்னாபா, அது பரவாயில்லை. மூன்றும் நெருக்கமான எண்கள் என்பதால் கண் தவறும்.

பனங்கற்கண்டு

எண் இல்லை. 'ஹனி' என்று மட்டும் இருக்கிறது, 'ஃபிளேவர்' என்ற சொல்லும் இல்லை. வால் பகுதியில் 904 இருக்கிறது.

அலமாரி எண் ஏழு

அப்போது தேன் சண்டையே தேவையில்லை, 904 முடித்துவிட்டது. சதவீதம் போடாதது அவர்கள் தப்பு, ஆனால் 'ஹனி' என்று சொல்லே இருக்கும்போது தேன் என்றே கொள்ள வேண்டும்.

கடலைமிட்டாய்

கேசீன் எங்க வரும்? இதுவரைக்கும் யாரும் சொல்லல. நான் 'நான் டெய்ரி' கிரீமர் போட்ட இன்ஸ்டன்ட் காபி பாக்கெட்டும் கிரீம் வச்ச வேஃபரும் வீகன்னு வாங்கிட்டிருக்கேன்.

தாளிப்பு

உங்கள் கேள்விதான் கேசீன் வரும் இடமே. 'நான் டெய்ரி' என்றால் பால் கொழுப்புக்குப் பதில் பனை எண்ணெய் என்றுதான் அர்த்தம், பாலே இல்லை என்று அர்த்தமில்லை. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் வெள்ளையாக நிற்க ஒரு பிடிப்பு வேண்டும். அதற்கு சோடியம் கேசினேட்டை விடச் சுலபமானது குறைவு, எண்ணெய்த் துளியைச் சுற்றி மெல்லிய தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அதனால் கிரீமர் தூள்களில் அது சர்வசாதாரணம். தேநீர்த் தூள் கலவை, கிரீம் சுவைக் கோட்டிங், புரத பார் இவற்றிலும் பார்க்கலாம். பட்டியலில் சோடியம் கேசினேட், கால்சியம் கேசினேட், மில்க் புரோட்டீன், ஹைட்ரோலைஸ்டு மில்க் புரோட்டீன் என்று பல பெயரில் வரும். 'சோடியம்' என்று ஆரம்பிப்பதால் உப்பு வகை என்று நினைத்துத் தாண்டுவார்கள்.

வேஃபர் கிரீம் பெரும்பாலும் சர்க்கரையும் தாவரக் கொழுப்பும்தான். ஆனால் பலவற்றில் மில்க் சாலிட்ஸோ வே பவுடரோ சேர்ப்பார்கள். 'டார்க்' என்று எழுதிய சாக்லேட் பூச்சிலும் மில்க் சாலிட்ஸ் இருப்பது உண்டு, 'டார்க்' என்பதை நம்பி விடாதீர்கள். கோகோ பட்டர் வெண்ணெய் இல்லை, பீனட் பட்டரும் இல்லை. அதை யாரும் இன்னும் கேட்கவில்லை, கேட்பதற்குள் சொல்லிவிட்டேன்.

மொறுமொறு

5 ரூபாய்க்கும் கீழே உள்ள குட்டி மிட்டாய்ப் பொட்டலங்களில் பட்டியலே இல்லையே?

அலமாரி எண் ஏழு

உறையின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இல்லாவிட்டால் பட்டியலுக்கு விலக்கு உண்டு. விவரம் பல பொட்டலங்களைச் சேர்த்துக் கட்டிய பெரிய உறையில் இருக்கும். கடைக்காரரிடம் ஜாடியோ பெரிய பாக்கெட்டோ கேட்டுப் பாருங்கள். உங்கள் 60 கிராம் பாக்கெட் இந்த விலக்குக்குள் வராது.

வன்னித்தம்பி (லண்டன்)

ஒன்லைன் கடைப் படத்தை நம்பாதேங்கோ. சேர்மானம் மாத்தியிருப்பினம், படம் பழசா இருக்கும். பாக்கெட் கைக்கு வந்தாப் பிறகு திரும்பப் பாருங்கோ.

மொறுமொறு

இன்னும் ஒன்று மிச்சம். வேறொரு பாக்கெட்டில் 'நேச்சுரல் ஃபிளேவரிங் சப்ஸ்டன்ஸ்' என்று மட்டும் இருக்கிறது. பால் வரி இல்லை, தேன் இல்லை, கிளேசிங் இல்லை.

தாளிப்பு

வாசனைத் தூளை உலர்த்த ஒரு தாங்கி வேண்டும். மால்டோடெக்ஸ்ட்ரினும் இருக்கலாம், லாக்டோஸும் இருக்கலாம். லாக்டோஸ் என்றால் பால் வரி வந்திருக்க வேண்டும், வரவில்லை என்பதால் நான் வாங்குவேன். உறுதி வேண்டுமென்றால் நுகர்வோர் தொடர்பு முகவரிக்கு எழுதுங்கள். ஆனால் 'இது வீகனா' என்று கேட்காதீர்கள், 'ஆம் சைவம்' என்று பதில் வரும். பேட்ச் எண்ணைப் போட்டு, 'ஃபிளேவரின் தாங்கியில் லாக்டோஸ், வே, தேன் ஏதேனும் உண்டா' என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மொறுமொறு

எழுதிவிட்டேன். பதில் வந்தால் இங்கே ஒட்டுகிறேன்.

பனங்கற்கண்டு

வந்தால்.